மைக்ரோமீட்டர் படத்தில் அரை மில்லிமீட்டர் தவறிப்போகும் இடம்

மைக்ரோமீட்டரைப் படம் எடுத்து அனுப்பி அளவு கேட்பது இப்போது திருகோணமலைப் பக்கத்தில் சாதாரணம். நிலவெளி, குச்சவெளித் தோட்டக் கிணறுகளில் ஓடும் தண்ணீர் மோட்டர் எரிந்துவிட்டால், கழற்றிய கொயிலில் ஒரு துண்டுக் கம்பியை மைக்ரோமீட்டரில் பிடித்து, போனில் படம் எடுத்து, டவுனில் மோட்டர் கம்பி சுற்றும் கடைக்கு அனுப்புவார்கள். "அண்ணை, இது எத்தனையாம் நம்பர் கம்பி?" என்று ஒரு குரல் பதிவும் கூடவே வரும். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் நுண்மானித் திருகுக் கணிச்சி என்று படிப்பதும் இதே கருவிதான். அவர்களுக்கு வினாத்தாளில் வருவதும் ஒரு படம்தான்.

படத்தை வாசிக்கும்போது 0.01, 0.02 மி.மீ. கூடிக் குறைவது உண்டு. அதனால் பெரிய கேடு வராது. கேடு வருவது சரியாக 0.50 மி.மீ. தவறும்போது. விடை கூடினாலும் குறைந்தாலும் அந்த அரை மில்லிமீட்டர் முழுசாகத்தான் தவறும். அது ஏன் நடக்கிறது, படத்தை வைத்தே அதை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கருவியின் கணக்கு சின்னது. ஸ்லீவ் என்ற அசையாத உருளையில் நீளவாக்கில் ஒரு கோடு ஓடும், அதை நடுக்கோடு என்போம். அதன் ஒரு பக்கத்தில் முழு மில்லிமீட்டர் கோடுகள், மறுபக்கத்தில் அரை மில்லிமீட்டர் கோடுகள். அந்த உருளைக்கு மேலே சுழலும் உறைதான் திம்பிள், அதைச் சுற்றி 50 பிரிவுகள். திம்பிள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் 0.5 மி.மீ. நகரும். ஆகவே ஒரு பிரிவு 0.01 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்குள் திம்பிள் இரண்டு தடவை சுற்றுகிறது. திம்பிளில் 47 தெரிந்தால் அது முதல் சுற்றின் 47ஆ, இரண்டாம் சுற்றின் 47ஆ என்று திம்பிளைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. ஸ்லீவில் அரைக் கோடு வெளியே வந்துவிட்டதா என்பதுதான் அதைச் சொல்லும். குழப்பம் முழுவதும் அந்த ஒரு கோட்டில்தான்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளே எனமல் பூச்சு நீக்கிய செப்புக் கம்பி. ஸ்லீவில் பூச்சியக் கோடு தெரிகிறது. நடுக்கோட்டுக்குக் கீழே, திம்பிளின் விளிம்போடு ஒட்டினாற்போல ஒரு மெல்லிய கறுப்புக் கீற்று. திம்பிளில் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே 45, அதிலிருந்து மேல்நோக்கி எண்ணினால் இரண்டாவது கோடு நடுக்கோட்டோடு பொருந்துகிறது. ஆக 47. கடைப் பையன் கீற்றைப் பார்த்துவிட்டு, அரைக் கோடு வந்துவிட்டது என்று 0.5 + 0.47 = 0.97 என எழுதுகிறான். பார்த்த இரண்டும் படத்தில் இருப்பவைதான். ஆனால் விடை தவறு.

காரணம், அந்தக் கோட்டுக்கும் ஒரு தடிப்பு உண்டு. 0.50 என்ற அளவு அந்தத் தடிப்பின் நடுவில் இருக்கிறது. திம்பிள் பின்வாங்கும்போது கோட்டின் முன்பக்க ஓரம் 0.50 வருவதற்கு முன்னமே எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். 0.45 தாண்டியதும் கீற்றுத் தெரிவது இயல்புதான். சில கருவிகளில் விளிம்பு பொருத்தப்பட்ட விதத்தால் இன்னும் முன்னமே தெரியும், சிலவற்றில் பிந்தித் தெரியும். எனவே "கோடு தெரிகிறதா?" என்று கேட்டு முடிவெடுக்கக் கூடாது. கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும்.

இடைவெளி பொய் சொல்லாது. திம்பிள் 10 காட்டினால், கடைசிக் கோட்டைத் தாண்டி விளிம்பு அரை மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்க வேண்டும். 25 காட்டினால் சரி பாதி. 40 காட்டினால் ஐந்தில் நான்கு பங்கு. 47 என்றால் அடுத்த கோட்டை விளிம்பு தொடப் போகிறது என்று அர்த்தம். இப்போது பையனின் 0.97ஐ இதில் வைத்துப் பாருங்கள். அளவு உண்மையில் 0.97 என்றால், அரைக் கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் கிட்டத்தட்ட முழு அரை மில்லிமீட்டர் வெள்ளிநிறத் தகடு தெரிய வேண்டும். மேல் பக்கத்தில் 1 மி.மீ. கோடு எட்டிப் பார்க்க வேண்டும். படத்தில் இரண்டும் இல்லை, கீற்று விளிம்போடு ஒட்டியல்லவா இருக்கிறது. ஆகவே அந்தக் கோட்டை எண்ணக் கூடாது. அளவு 0.47.

மறுபக்கத் தவறும் இதே சோதனையில் அகப்படும். இன்னொரு படத்தில் 5 மி.மீ. கோடு தெரிகிறது, திம்பிள் 2 காட்டுகிறது, அரைக் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. 5.02 என்று எழுதத் தோன்றும். ஆனால் 5.02 என்றால் விளிம்பு 5ஆம் கோட்டோடு ஒட்டி நிற்க வேண்டும். படத்தில் அந்தக் கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் தாராளமாக அரை மில்லிமீட்டர் இடம் கிடக்கிறது. அப்படியானால் அரைக் கோடு விளிம்புக்கு அடியில் மறைந்து நிற்கிறது. சரியான அளவு 5.52. திம்பிள் 45க்கு மேலேயோ 5க்குக் கீழேயோ நின்றால் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடை எழுதவே வேண்டாம். 15, 28, 33 போன்ற இடங்களில் கோடு தெளிவாகத் தெரியும், அங்கே இவ்வளவு கவனம் தேவையில்லை.

கோடு எப்படி மறைகிறது, எப்படி முந்தித் தெரிகிறது என்பதில் போன் கமராவுக்கும் பங்கு உண்டு. நேரில் பார்ப்பவர் தலையை அசைத்துப் பார்க்கலாம், படம் அப்படியே நின்றுவிடும். திம்பிளின் மேற்பரப்பு ஸ்லீவை விடக் கொஞ்சம் உயர்ந்து, கமராவுக்குக் கிட்ட இருக்கிறது. கமரா திம்பிள் பக்கத்திலிருந்து சரிவாகப் பார்த்தால் விளிம்பு ஸ்லீவின் கோட்டை மறைக்கும். கம்பியைப் பிடிக்கும் வளைந்த சட்டமான வில்லின் பக்கத்திலிருந்து பார்த்தால் மறைந்திருக்க வேண்டிய கோடு தெரியும். மேலிருந்து பார்த்தால் திம்பிளின் கோடுகள் கீழே இறங்கினது போலத் தோன்றி வாசிப்பு ஒன்றிரண்டு பிரிவு கூடும், கீழிருந்து பார்த்தால் குறையும். பாடப் புத்தகத்தில் இடமாறு தோற்ற வழு என்று சொல்வது இதைத்தான்.

வந்த படம் நேராக எடுக்கப்பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நடுக்கோட்டைப் பாருங்கள். அது உருளையின் அகலத்துக்குச் சரி நடுவில் ஓட வேண்டும். மேலே தெரியும் தகடும் கீழே தெரியும் தகடும் ஒரே அகலமாக இருந்தால் அந்தத் திசையில் படம் நேர். நடுக்கோடு ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், 0.01 வரை வாசிக்க அந்தப் படம் உதவாது, இன்னொரு படம் கேளுங்கள். எடுப்பவரிடம், போனைக் கருவிக்கு மிகக் கிட்டக் கொண்டுபோகாமல் கொஞ்சம் தள்ளி நின்று ஸூம் செய்து எடுக்கச் சொல்வது நல்லது. கிட்டப் போகப் போகச் சரிவு கூடும். ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்பில் கீற்றுக் கோடு கரைந்துவிடும். படம் எடுக்கும் முன் லொக்கை இறுக்கிவிட்டால் கை பட்டும் திம்பிள் நகராது.

இடக்கையில் பிடித்து எடுத்த படம் தலைகீழாக வரும். இலக்கங்கள் நிமிரும்வரை படத்தைத் திருப்பிவிட்டுத்தான் வாசிக்க வேண்டும். வழக்கமான கருவியில் வில் இடப்பக்கமும் திம்பிள் வலப்பக்கமும் இருக்கும்போது திம்பிளின் எண்கள் மேல்நோக்கிக் கூடும். மேலே உள்ள 0இலிருந்து கீழ்நோக்கி மூன்று கோடு எண்ணி, அதை 45ஓடு கூட்டி, 47ஐ 48 என்று எழுதுவோரும் இருக்கிறார்கள்.

அடுத்தது பூச்சிய வழு. ஒரே ஒரு படத்தை அனுப்பினால் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. கம்பியை எடுத்துவிட்டு, கம்பியைப் பிடிக்கும் இரண்டு முகங்களையும் துடைத்து, திம்பிளின் முனையிலுள்ள ராட்செட் குமிழைத் திருகி மூடி, இன்னொரு படம் எடுக்க வேண்டும். நம் கம்பிப் படத்தின் கருவியை மூடியபோது நடுக்கோட்டோடு 1 பொருந்தியது என்று வைப்போம். கருவி 0.01 கூட்டிச் சொல்கிறது, கழிக்க வேண்டும். 0.47 − 0.01 = 0.46 மி.மீ. மூடிய படத்தில் 49 பொருந்தினால் என்ன செய்வது? அதை 0.49 என்று எடுத்துக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள், அங்கே மறுபடியும் அரை மில்லிமீட்டர் தவறுகிறது. பூச்சியக் கோடு இன்னும் ஒரு பிரிவு மேலே நிற்கிறது என்பதே அதன் பொருள். வழு −0.01, ஆகவே வாசிப்போடு 0.01 கூட்ட வேண்டும்.

சரி, 0.46 மி.மீ. என்றால் எந்தக் கம்பி? கம்பித் தடிப்புக்கு நம்பர் தரும் எஸ்.டபிள்யூ.ஜி. அட்டவணையில் 26ஆம் நம்பர் 0.457 மி.மீ., அதுதான் இது. பையனின் 0.97இலிருந்து வழுவைக் கழித்தால் 0.96. 20ஆம் நம்பர் 0.914, 19ஆம் நம்பர் 1.016. இரண்டுக்கும் நடுவில், எதோடும் பொருந்தாமல் நிற்கிறது. அட்டவணையில் அகப்படாத அளவு வந்தால் மறுபடி படத்தைப் பார்க்க அதுவே போதிய காரணம். அதைக் கவனிக்காமல் தடித்த கம்பியை வாங்கிவிட்டால், விட்டம் இரட்டிப்பானதால் குறுக்குவெட்டு குறைந்தது நாலு மடங்காகிவிடும். அத்தனை சுற்றும் மோட்டரின் அசையாத பாகமான ஸ்டேட்டரின் பள்ளத்துக்குள் அடங்காது.

இவ்வளவும் திம்பிளில் 50 பிரிவு உள்ள கருவிக்குத்தான். ஆய்வுகூடங்களில் 100 பிரிவும் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகர்வும் உள்ளவை உண்டு, அவற்றில் அரைக் கோட்டுப் பிரச்சினையே கிடையாது. பழைய பட்டறைகளில் திம்பிளில் 25 பிரிவு மட்டும் உள்ளதைக் கண்டால் அது அங்குலக் கருவி, ஒரு பிரிவு 0.001 அங்குலம். வில்லில் 25–50 மி.மீ. என்று எழுதியிருந்து, ஸ்லீவின் எண்கள் 0இலிருந்து தொடங்கினால் வாசிப்போடு 25ஐக் கூட்ட வேண்டும். அதனால் திம்பிள் மட்டும் தெரியும் படத்தை விட, முழுக் கருவியும் தெரியும் ஒரு படம் கூட இருப்பது நல்லது.

கம்பியை அளப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. அட்டவணை சொல்வது வெறும் செம்பின் தடிப்பு. மோட்டர்க் கம்பிக்கு மேலே எனமல் பூச்சு இருக்கிறது. அதோடு சேர்த்து அளந்தால் 26ஆம் நம்பர் கம்பி பூச்சின் தடிப்பைப் பொறுத்து 0.50ஐச் சுற்றித்தான் காட்டும். விளிம்பு அரைக் கோட்டின் மேலேயே நிற்கும் இடம் அது. திம்பிள் 49 என்றால் 0.49, 1 என்றால் 0.51. இங்கே கோட்டை மட்டும் நம்பினால் 0.99 என்றும் 0.01 என்றும் எழுத நேரும். அளக்கும் முனையை லைட்டரில் லேசாகச் சுட்டு, கரியைத் துணியால் துடைத்துவிட்டுப் பிடியுங்கள். பிளேட்டால் சுரண்டினால் செம்பும் சேர்ந்து போகும்.