தகுதிகாண் காலத்தில் வேலை போனால்: காரணம் கேட்பதில் நேரும் தவறுகள்

கொழும்பில் புதிதாக வேலைக்குச் சேரும் பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். பேச்சில் எல்லோரும் சொல்வது புரபேஷன். அந்த ஆறு மாதத்துக்குள் ஒரு நாள், "உங்களை நிரந்தரமாக்கவில்லை, இன்றுடன் சேவை முடிகிறது" என்று இரண்டு வரிக் கடிதம் வருகிறது. காரணம் எதுவும் இல்லை. உடனே எழும் கேள்வி: காரணம் சொல்லாமல் அனுப்ப முடியுமா?

இதற்கு இரண்டு பதில்கள் ஊரில் உலவுகின்றன. "காரணம் சொல்லாத கடிதம் செல்லாது, வழக்குப் போட்டால் வெல்லலாம்" என்பது ஒன்று. "புரபேஷனில் உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது" என்பது மற்றது. இரண்டுமே தவறு. எந்த இடத்தில் தவறு என்று தெரியாததால்தான் பலர் வாய்ப்புள்ள வழக்கைக் கைவிடுகிறார்கள், வாய்ப்பில்லாத வழக்கில் மாதக்கணக்கில் அலைகிறார்கள்.

முதல் தவறிலிருந்து தொடங்கலாம். தகுதிகாண் காலத்தில் ஒருவரின் சேவையை முடிக்கும்போது, கடிதத்தில் காரணம் எழுத வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் இலங்கைச் சட்டத்தில் இல்லை. அந்தக் காலம் ஒருவரின் திறமையையும் நடத்தையையும் பார்த்து முடிவெடுப்பதற்கானது. அவரது வேலை திருப்தியா இல்லையா என்று முடிவு செய்பவர் முதலாளி. நமது நீதிமன்றங்கள் 1986 இல் அறிக்கையிடப்பட்ட மூசாஜீஸ் எதிர் ராசையா வழக்கிலிருந்தே இப்படித்தான் சொல்லி வருகின்றன. ஆகவே கடிதத்தில் காரணம் இல்லை என்பதை மட்டும் வைத்துக்கொண்டு தொழில் நியாயசபைக்குப் போனால், அந்த வாதம் அங்கே நிற்காது. நியமனக் கடிதத்தில் சொன்ன முன்னறிவிப்புக் காலத்தையோ அதற்கான சம்பளத்தையோ தந்தார்களா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. இரண்டு வார முன்னறிவிப்பு என்று நியமனக் கடிதம் சொல்லி, அன்றே வெளியே போகச் சொன்னால், அந்த இரண்டு வாரச் சம்பளம் உங்களுக்குச் சேர வேண்டியது.

இரண்டாவது தவறுதான் அதிகம் சேதம் செய்கிறது. கடிதத்தில் காரணம் எழுதாமல் விடலாம் என்பதற்கு, காரணமே இல்லாமல் அனுப்பலாம் என்று பொருள் இல்லை. முதலாளியின் முடிவு உண்மையான மதிப்பீட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். பழிவாங்கவோ, வேறு ஒருவரைக் கொண்டுவந்து வைக்கவோ, சட்டப்படி சேர வேண்டிய காசைக் கேட்டதற்காகவோ அனுப்பினால் அது தீய நோக்கம். அதை நியாயசபை பார்க்கலாம். கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் வேலையை இழந்தவர் நியாயசபைக்கு விண்ணப்பிக்க வழி திறந்துவைத்திருக்கிறது. தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கு அந்தக் கதவு மூடப்படவில்லை. பதவி முகாமையாளரா எழுதுநரா என்பதும் இதில் தடையில்லை.

வேறுபாடு, எதை யார் நிரூபிக்க வேண்டும் என்பதில் இருக்கிறது. நிரந்தர ஊழியர் ஒருவரை நீக்கினால், நீக்கியது நியாயம் என்று காட்ட வேண்டியவர் முதலாளி. தகுதிகாண் காலத்தில் அது தலைகீழ். அரச வடிசாலைக் கூட்டுத்தாபனம் எதிர் ரூபசிங்க என்ற 1994 இன் வழக்கில் இது தெளிவாக வருகிறது. இந்த நீக்கம் சரியானதாகத் தெரியவில்லை என்று முதலில் காட்ட வேண்டியவர் ஊழியர். அந்த அளவுக்குக் காட்டிய பிறகுதான் முதலாளியின் காரணம் மேசைக்கு வரும். அப்போதும் முதலாளியின் மதிப்பீடு மிகச் சரியானதா என்று நியாயசபை அளந்து பார்ப்பதில்லை. அது நேர்மையாக எடுக்கப்பட்ட முடிவா என்பதுதான் கேள்வி. அலுவலகத்தில் சரியாக வேலை செய்யவில்லை என்று மேலதிகாரி நிஜமாக நினைத்திருந்தால், நீங்கள் அதற்கு உடன்படாதது மட்டும் போதாது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் வசிக்கும் ஒரு பெண், கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு உதவியாளராக மார்ச் 1 இல் சேருகிறார். ஆறு மாதத் தகுதிகாண் காலம், இரண்டு வார முன்னறிவிப்பு. ஜூன் மாதம் கணக்கு முடிப்பு நல்லபடி நடந்தது என்று மேலதிகாரி மின்னஞ்சலில் நன்றி சொல்கிறார். அலுவலக ஊழியருக்கு வாரத்துக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலை நேரம், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. இவரோ மாத முடிவில் இரவு எட்டு மணி வரை இருக்கிறார், மேலதிகக் காசு வரவில்லை. ஜூலை 10 அன்று மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கேட்கிறார். ஜூலை 20 அன்று, "உங்கள் சேவை எதிர்பார்த்த தரத்தில் இல்லை, நிரந்தரமாக்கவில்லை" என்று கடிதம்.

இங்கே "காரணம் சொல்லவில்லை" என்பது அவருக்குப் பயன்படாது. காரணம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அவரிடம் இருப்பது அதைவிடப் பலமான ஒன்று: ஜூன் மாதப் பாராட்டு, ஜூலை 10 இன் கேள்வி, பத்து நாளில் வந்த கடிதம், இடையில் எந்த எச்சரிக்கையும் இல்லை. இந்த வரிசை, நீக்கத்துக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று நியாயசபை நினைக்கப் போதுமானதாக அமையலாம். பிறகு நிறுவனம் தன் மதிப்பீட்டுத் தாளையோ தவறு நேர்ந்த கணக்கையோ காட்ட வேண்டி வரும். காட்டினால் அவர் தோற்கலாம். ஜூன் மின்னஞ்சல் இல்லாமல், மே மாதத்தில் இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் இருந்திருந்தால், வழக்கு ஆரம்பத்திலேயே பலவீனம். மேலதிகக் காசு மட்டும் வேறு விஷயம். வழக்கு எப்படிப் போனாலும் அதைத் தொழில் திணைக்களத்தில் தனியாகக் கேட்கலாம்.

இந்த உதாரணத்தில் அவர் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. கடிதத்தைக் கொடுப்பதற்கு முன் மனிதவளப் பிரிவில் அழைத்து, "தங்கச்சி, நீக்கினதா எழுதினா அடுத்த வேலைக்குப் பாதிப்பு, நீங்களே ராஜினாமா எழுதிக் குடுங்க" என்று அன்பாகச் சொல்வார்கள். சிலர் உண்மையிலேயே நல்லது நினைத்துச் சொல்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் ராஜினாமாக் கடிதம் கையெழுத்தான பிறகு, சட்டத்தின் கண்ணில் முதலாளி யாரையும் நீக்கவில்லை. நியாயசபைக்குப் போவதற்கு அடிப்படையே சேவையை முதலாளி முடித்தார் என்பதுதான். பிறகு, கட்டாயப்படுத்தி எழுத வைத்தார்கள் என்று நிரூபிக்கும் சுமை கூடுதலாக உங்கள் தலையில் ஏறும். அடுத்த வேலைதான் முக்கியம், வழக்கே வேண்டாம் என்று தெளிவாக முடிவெடுத்திருந்தால் எழுதிக் கொடுக்கலாம், அது உங்கள் விருப்பம். ஆனால் அந்த அறையில் வைத்து எழுதாதீர்கள். ஒரு இரவு கேட்டு வாங்குங்கள். "யோசித்து நாளை சொல்கிறேன்" என்பதை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள், யார் என்ன கேட்டார்கள் என்பதற்கு அதுவே சாட்சியாகும்.

நியமனக் கடிதத்தைப் பத்திரப்படுத்தாமல் விடுவதும் தவறு. கடை அலுவலக ஊழியர் சட்டத்தின்படி (1954 இன் 19 ஆம் இலக்கம்), வேலைக்குச் சேரும்போது தரப்படும் விவரங்களில் தகுதிகாண் காலம் எவ்வளவு, அதற்கான நிபந்தனைகள் என்ன, எந்தச் சூழ்நிலையில் அந்தக் காலத்தில் சேவையை முடிக்கலாம் என்பவையும் அடங்க வேண்டும். பலரும் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பில் போட்டுவிடுகிறார்கள். "மூன்றாம் மாதம் மதிப்பீடு செய்து அறிவிக்கப்படும்" என்று உங்கள் கடிதம் சொல்லியிருந்து, மதிப்பீடே நடக்கவில்லை என்றால், முதலாளி நேர்மையாகப் பார்த்தாரா என்ற கேள்விக்கு அது நேரடியாகப் பயன்படும்.

அந்தக் கடிதத்தில் இன்னொன்றையும் பாருங்கள்: தகுதிகாண் காலம் முடிந்ததும் என்ன ஆகும்? ஆறு மாதம் முடிந்து எட்டாவது மாதமும் வேலை செய்கிறீர்கள், நிரந்தரக் கடிதமும் இல்லை, நீட்டிப்புக் கடிதமும் இல்லை என்றால், தானாக நிரந்தரமாகிவிட்டேன் என்று நம்பிவிடாதீர்கள். எழுத்தில் உறுதிப்படுத்தும் வரை தகுதிகாண் காலம் தொடரும் என்று பல நியமனக் கடிதங்கள் சொல்கின்றன. ஆறாவது மாதம் முடியும் வாரத்தில் உங்கள் நிலை என்ன என்று எழுத்தில் கேட்பதுதான் சரி.

நீட்டிப்பு வந்தால் கவனிக்க வேண்டிய ஒரு எல்லையும் உண்டு. 1971 இன் 45 ஆம் இலக்கத் தொழில் முடிவுறுத்தல் சட்டம், பொதுவாக 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களுக்குப் பொருந்தும். ஊழியர் முந்தைய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்திருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் வருபவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நீக்க, ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் எழுத்துமூல முன் அனுமதியோ தேவை. அது ஒழுக்காற்றுத் தண்டனையாக இருந்தால், நீக்கிய பின் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். ஆறு மாத வேலையும் 180 நாளும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே தகுதிகாண் காலத்தை மூன்று மாதம் நீட்டிய பிறகு வேலை போனவர், நியாயசபைக்கு முன்னர் நாரஹேன்பிட்டியில் இருக்கும் தொழில் திணைக்களத்தில் தன் நாட்களைக் கணக்கிட்டு, இந்தச் சட்டம் தனக்குப் பொருந்துமா என்று கேட்டுவிட வேண்டும். மேலே சொன்ன கணக்கு உதவியாளருக்கு ஜூலை 20 இல் இது எட்டாது. அவரது வேலை டிசம்பரில் போயிருந்தால் கதை வேறு.

சில காரணங்களுக்காக அனுப்புவதைத் தகுதிகாண் காலமும் காப்பாற்றாது. கர்ப்பமாக இருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒரு பெண்ணை நீக்க முடியாது. தொழிற்சங்கத்தில் சேர்ந்தார் என்பதற்காக நீக்குவதும் அப்படியே.

அப்புறம், காலம். நியாயசபைக்கு விண்ணப்பிக்கும் காலக்கெடு சேவை முடிந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். நிறுவனத்துக்குள் மேன்முறையீடு எழுதி பதிலுக்குக் காத்திருப்பது அந்த நாளைத் தள்ளிப்போடும் என்று எண்ணிப் பலர் ஏமாறுகிறார்கள். முதல் மாதத்துக்குள்ளேயே விண்ணப்பத்தைத் தயாராக்கிவிடுங்கள். அலுவலக மின்னஞ்சலை நிறுத்துவதற்கு முன் உங்களைப் பற்றிய பாராட்டு, மதிப்பீடு, எச்சரிக்கை எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஆனால் வாடிக்கையாளர் கணக்குகளையும் நிறுவன இரகசியங்களையும் தொடாதீர்கள், அது அவர்கள் கையில் புதிய காரணமாகிவிடும். கடைசி நாள் வரையான சம்பளமும், அந்த மாதத்துக்கான ஊழியர் சேமலாப நிதியும் கட்டப்பட்டனவா என்றும் பாருங்கள். அந்த நிதிக்கு நிறுவனம் 12 சதவீதம், நீங்கள் 8 சதவீதம் கட்டுவது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே, நிரந்தரமான பிறகு அல்ல.

விண்ணப்பத்தில் எழுதும்போது, "காரணம் சொல்லாமல் நீக்கினார்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். திகதிகளை வரிசையாக வையுங்கள்: எப்போது சேர்ந்தீர்கள், யார் என்ன சொன்னார்கள், எதற்குப் பிறகு கடிதம் வந்தது, இடையில் எச்சரிக்கை இருந்ததா. மறுபடியும் வேலைக்கு எடுக்க வேண்டும் என்ற கட்டளை தகுதிகாண் காலத்தவருக்குக் கிடைப்பது அரிது. இழப்பீடு கிடைத்தாலும், சேவைக் காலம் குறுகியது என்பதால் தொகை பெரிதாக இருக்காது. போக்குவரத்துக்கும் விடுப்புக்கும் வழக்கறிஞருக்கும் ஆகும் செலவோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தே முடிவெடுங்கள். வழக்கறிஞர் இல்லாமலும் அங்கே விண்ணப்பிக்கலாம்.