இரண்டு காசில் ஒரு கணக்கு: வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையின் மாதச் செலவில் நாங்கள் விட்ட தவறுகள்

தம்பி மெல்பேர்னுக்குப் படிக்கப் போன புதிதில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் கணக்கு முழுவதும் அப்பாவின் சீஆர் கொப்பியில்தான் இருந்தது. மாதக் கடைசி வந்தால் சண்டை. "டொலர் ஏறிட்டுது, அதான் காசு கூடப் போகுது" என்பார் அப்பா. "நான் கூட ஒண்டும் வாங்கேல்லை அக்கா" என்பான் தம்பி வட்ஸ்அப்பில். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொப்பியையும் அவன் அனுப்பிய பற்றுச்சீட்டுப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி சரி, பாதி பிழை. கீழே வரும் எண்களை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். இன்றைய விகிதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் பிழை, எந்த விகிதத்தைப் பிடித்துக் கணக்கெழுதுவது என்பதில். கூகிளில் அவுஸ்திரேலிய டொலர் 200 ரூபாய் என்று காட்டும். அது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் நிற்கிற எண். அந்த விலைக்கு நமக்கு யாரும் டொலர் தரமாட்டார்கள். அப்பாவோ காலி வீதியில் நாணயமாற்றுக் கடைப் பலகையைப் பார்த்துவிட்டு வருவார். அது கையில் தரும் தாளுக்கான விலை. வங்கி மூலம் அனுப்பும்போது நமக்குப் பொருந்துவது வங்கி விகிதப் பட்டியலில் 'TT விற்பனை' என்று இருக்கும், தந்தி மாற்றாக அனுப்பும் டொலருக்கான நிரல்தான். அதுகூட முழுக்கதை இல்லை.

ஏப்ரலில் 1,500 டொலர் அனுப்பினோம். TT விற்பனை விலை 204. ஆகவே 306,000 ரூபாய். கொமிஷன், தந்திக் கட்டணம் என்று வங்கி 2,880 எடுத்தது. மொத்தம் 308,880. தம்பியின் கணக்கில் விழுந்ததோ 1,485 டொலர். இடையில் இருந்த வங்கி 15 டொலரைக் கழித்துவிட்டது. இப்போது 308,880ஐ 1,485ஆல் பிரித்தால் 208 வரும். எங்களுக்கு ஒரு டொலரின் உண்மையான விலை அதுதான். கூகிள் விலையில் எழுதியிருந்தால் டொலருக்கு 8 ரூபாய் வீதம், அந்த ஒரு தடவையிலேயே 11,880 ரூபாய் கணக்கில் இல்லாமல் போயிருக்கும். அப்புறம் "காசு எங்கே போச்சு?" என்று தேடுவோம். அனுப்பும் படிவத்தில் இடைக்கட்டணத்தை யார் ஏற்பது என்று ஒரு கட்டம் இருக்கும்: `OUR` என்றால் அனுப்புகிறவர், `SHA` என்றால் இருவரும் பகிர்வது, `BEN` என்றால் பெறுகிறவர். கல்லூரிக் கட்டணத்துக்கு `OUR` போடுவது நல்லது. 15 டொலர் குறைந்து போய்ச் சேர்ந்தால் கட்டணம் முழுதாகக் கட்டப்படவில்லை என்று காட்டும்.

இரண்டாவது பிழையை நானே விட்டேன். தம்பி அனுப்பும் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் அன்றைய விகிதத்தில் ரூபாயாக்கி எழுதினேன். பார்க்க ஒழுங்காக இருந்தது, ஆனால் கணக்கு ஒருநாளும் பொருந்தவில்லை. ஏன் பொருந்தும்? மே 20ஆம் திகதி அவன் பால் வாங்கிய டொலரை நாங்கள் ஏப்ரலிலோ மே தொடக்கத்திலோ வாங்கியாயிற்று. இப்போது விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்தப் பாலுக்கு நாங்கள் கொடுத்த ரூபாய் மாறாது.

அதனால் இப்போது அவன் கணக்கில் உள்ள டொலரை ஒரு பானைத் தண்ணீர் போல வைத்துக்கொள்கிறேன். ஏப்ரல் முடிவில் 85 டொலர் மிச்சம். 208 வீதம் அதன் பெறுமதி 17,680 ரூபாய். மேயில் புதிதாகப் போய்ச் சேர்ந்தது 1,415 டொலர். கட்டணங்களோடு எங்களுக்கு முடிந்தது 301,820 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 1,500 டொலர், 319,500 ரூபாய். பிரித்தால் 213. அடுத்த முறை காசு அனுப்பும்வரை எல்லாப் பற்றுச்சீட்டுக்கும் 213தான். தினமும் விகிதம் பார்க்கும் வேலை போயிற்று.

அப்பாவின் கொப்பியில் இன்னொரு வேடிக்கை. அனுப்பிய 308,880ஐ 'தம்பி செலவு' என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் அதே காசில் அவன் கட்டிய வாடகையும் சாப்பாடும் திரும்ப வந்திருந்தன. அனுப்புவது செலவில்லை, இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றுவது. செலவு என்று எழுத வேண்டியது அங்கே டொலரில் கழிந்ததையும், இங்கே அவனுக்காக ரூபாயிலேயே கட்டியதையும் மட்டும்தான். விமானச் சீட்டும், கொழும்பில் செய்து அனுப்பிய கண்ணாடியும் ரூபாய்ச் சீட்டுகள். அவற்றை ரூபாயிலேயே விட்டுவிட வேண்டும். டொலராக்கி அவன் மாதச் செலவுக்குள் திணிக்கக் கூடாது.

அப்பாவின் கடனட்டையின் துணை அட்டை ஒன்று தம்பியிடம் இருக்கிறது. அதில் வாங்கியதற்கு மட்டும் பானை விலை பொருந்தாது. அட்டைக் கூற்றில் வந்த ரூபாய்த் தொகையை அப்படியே எழுதுங்கள். பொருள் வாங்கிய நாளின் விகிதம் அல்ல, கணக்கில் பதிவான நாளின் விகிதமே பெரும்பாலும் விழும். அதோடு வங்கியின் மேலதிக வீதமும் சேரும். கடை இயந்திரம் "இலங்கை ரூபாயில் கட்டவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அந்த நாட்டுக் காசையே தெரிவு செய்யச் சொல்லுங்கள். ரூபாயில் கட்டினால் மாற்றும் விலையைக் கடைப்பக்கம் தீர்மானிக்கும். அது மலிவாக இருப்பது அபூர்வம்.

சரி, சண்டைக்கு வருவோம். மேக்குப் போட்ட திட்டம் 1,400 டொலர், 208 வீதம் 291,200 ரூபாய். நடந்தது 1,460 டொலர், 213 வீதம் 310,980. கூடியது 19,780. இதை இரண்டாகப் பிரிக்கலாம். கூடச் செலவழித்த 60 டொலரைப் பழைய விலை 208ஆல் பெருக்கினால் 12,480. இது தம்பியின் பங்கு. ஏறிய 5 ரூபாயை 1,460ஆல் பெருக்கினால் 7,300. இது விகிதத்தின் பங்கு. அந்த மாதம் விகிதத்தை விட, தம்பி கூடுதலாக வாங்கிய குளிர்ச்சட்டைதான் பெரிய குற்றவாளி. இந்த இரண்டு வரியை எழுதாமல் விட்டால் எல்லாப் பழியும் டொலர் மேல் போகும்.

விகிதம் ஒன்றும் அப்பாவி இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் செய்தியில் சொல்லும் அமெரிக்க டொலரை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தாலும் ஏமாறுவோம். ரூபாய் அசையாமல் நின்றாலும், அமெரிக்க டொலருக்கு எதிராக அவுஸ்திரேலிய டொலர் ஏறினால் எங்களுக்குக் கூடத்தான் முடியும். ஆகவே திட்டத்தை டொலரிலேயே போட்டு, ரூபாய் ஒதுக்கும்போது கடைசியாக முடிந்த விலைக்கு மேல் நூற்றுக்கு ஐந்து வீதம் சேர்க்கிறேன். "மாதம் மூன்று லட்சம்" என்று ரூபாயில் முடிவுகட்டினால், விலை ஏறும் மாதம் பிள்ளையின் சாப்பாட்டில்தான் கை வைக்க வேண்டிவரும்.

கடைசியாக, விகிதத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று. தம்பியின் வாடகை வாரம் 260 டொலர். நான் நான்கால் பெருக்கி மாதம் 1,040 என்று எழுதிவைத்தேன். வருடத்தில் 52 வாரம். 52ஆல் பெருக்கி 12ஆல் பிரித்தால் மாதம் 1,126 டொலர் 67 சதம். அவன் கட்டுவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமைகளில். வருடத்துக்கு 26 கட்டணம் என்பதால் பெரும்பாலும் இரண்டு மாதங்களில் மூன்றாவது 520 டொலர் வந்து நிற்கும். அந்த மாதங்களை அம்மா சமையலறை நாட்காட்டியில் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார், பக்கத்தில் 'வாடகை 3' என்று எழுதி.