இரண்டு வினாடி இடைவெளி: எண்ணுவதிலும் நம்புவதிலும் நடக்கும் தவறுகள்

முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இரண்டு வினாடி இடைவெளி இருக்க வேண்டும் என்பது ஓட்டத் தெரிந்த பலருக்கும் தெரியும். ஆனால் சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையில் செங்கல்பட்டைத் தாண்டியதும் இடது ஓரத்தில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பாருங்கள், பாதிக் கார்கள் முன்னால் போகும் வண்டியின் பம்பரை முகர்ந்துகொண்டுதான் போகும். கேட்டால், "ரெண்டு செகண்ட் விட்டுத்தாங்க ஓட்டுறேன்" என்பார்கள். பொய் சொல்லவில்லை, தப்பாக எண்ணுகிறார்கள்.

எண்ணும் முறையை முதலில் சரிசெய்து கொள்வோம். முன்னால் போகும் வண்டியின் பின்பக்கம் ஏதாவது ஒரு நிலையான அடையாளத்தைத் தாண்ட வேண்டும். போர்டு கம்பம், மேம்பாலத்தின் நிழல், தார் ஒட்டுப்போட்ட கறை, எதுவாக இருந்தாலும் சரி. அது தாண்டிய கணத்தில் எண்ண ஆரம்பித்து, உங்கள் காரின் மூக்கு அதே இடத்துக்கு வரும்வரை எண்ணுங்கள். இங்கேதான் சறுக்கல். தாண்டிய கணத்திலேயே "ஒண்ணு" என்று சொல்லிவிட்டு, அடையாளத்துக்கு வரும்போது "ரெண்டு" என்று முடித்தால் நடுவில் ஓடியது ஒரு வினாடிதான். கணக்குப்படி அந்தக் கணம் பூஜ்ஜியம். போதாததற்கு, வேகமாகப் போகும்போது நாம் எண்ணுவதும் வேகமாகிவிடும்.

இதற்கு எளிய வழி, நீளமான சொல்லாக எண்ணுவது. அடையாளத்தை வண்டி தாண்டியதும் "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பிக்கவும். சொல்லி முடிக்கும் முன்பே உங்கள் கார் அந்த இடத்துக்கு வந்துவிட்டால் இடைவெளி குறைவு. ஆங்கிலேயர்கள் இதற்கென்றே இரண்டு வினாடி நீளத்தில் ஒரு வாசகம் வைத்திருக்கிறார்கள், நமக்கு இதுவே போதும்.

உங்கள் "ஆயிரத்து ஒன்று" உண்மையிலேயே ஒரு வினாடிதானா என்று ரோட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தேசிய நெடுஞ்சாலைகளில் பல இடங்களில் ஒரு கிலோமீட்டர் கல்லுக்கும் அடுத்த கிலோமீட்டர் கல்லுக்கும் நடுவே 2, 4, 6, 8 என்று எழுதிய சின்னக் கற்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 200 மீட்டருக்கு ஒன்று. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போனால் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 9 வினாடி. ரோடு காலியாக இருக்கும் நேரத்தில், ஒரு கல்லைத் தாண்டியதும் எண்ண ஆரம்பித்து அடுத்த கல்லில் "ஆயிரத்து ஒன்பது" வருகிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு வந்தால் நீங்கள் அவசரக்காரர், உங்கள் இரண்டு வினாடி என்பது ஒன்றரைதான். ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதால் ஒன்பதரை வந்தால் பரவாயில்லை.

அடுத்தது, தூரத்தை மீட்டரிலோ "நாலு கார் நீளம்" என்றோ கண்ணால் அளப்பது. 40-இல் இரண்டு வினாடி என்பது 22 மீட்டர், 80-இல் அது 44 மீட்டர், 100-இல் 55 மீட்டருக்கு மேல். ஊருக்குள் பழகிய கண், டோல்கேட்டைத் தாண்டி ஆக்ஸிலேட்டரை அழுத்திய பிறகும் அதே 22 மீட்டரையே "போதுமே" என்று சொல்லும். வினாடியில் அளந்தால் இந்தச் சிக்கலே கிடையாது, வேகம் கூடினால் தூரம் தானாகக் கூடிவிடும்.

சரி, எண்ணுவது இவ்வளவுதான். பெரிய தவறு எண்ணிக்கையில் இல்லை, அந்த இரண்டு வினாடி எதற்காக என்று புரியாமல் அதை நம்பிவிடுவதில்தான் இருக்கிறது. இரண்டு வினாடிக்குள் கார் நின்றுவிடும் என்றே பலர் நினைக்கிறார்கள். நிற்காது. முன்வண்டி பிரேக் போட்டதைப் பார்த்து, உங்கள் கால் பிரேக்குக்குப் போய் அழுத்தும்வரை ஆகும் நேரத்துக்குத்தான் அந்த இடைவெளி. அதற்கப்புறம் இரண்டு வண்டியும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேகம் குறையும், எனவே மோதாது என்பதுதான் கணக்கு. அதாவது முன்வண்டியும் உங்களை மாதிரியே, ரோட்டில் உருண்டபடியே, மெல்ல நிற்கும் என்று இந்த விதி எடுத்துக்கொள்கிறது. அது உண்மையாக இருக்கும்வரை விதியும் வேலை செய்யும்.

நம் ஊர் நெடுஞ்சாலையில் அது பொய்யாகும் இடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரவு, விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டை பக்கம், ஓர் ஆம்னி பஸ்ஸுக்குப் பின்னால் 80-இல் போகிறீர்கள். இடைவெளி சரியாக இரண்டு வினாடி, 44 மீட்டர். பஸ்ஸுக்கு முன்னால் ஒரு லாரி டயர் வெடித்து, பார்க்கிங் லைட் கூட இல்லாமல் பாதி ரோட்டில் நிற்கிறது. பஸ் டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பவர், தூரத்திலேயே பார்த்துவிட்டார். பிரேக்கே போடவில்லை, ஸ்டியரிங்கை வலப்பக்கம் வளைத்துக்கொண்டு போய்விட்டார். பஸ்ஸின் வால் விலகிய பிறகுதான் உங்களுக்கு லாரி தெரிகிறது. அது நிற்பதோ கிட்டத்தட்ட பஸ்ஸின் வால் இருந்த அதே இடத்தில்.

உங்கள் மூளை புரிந்துகொண்டு கால் அழுத்த ஒன்றேகால் வினாடி என்று வைப்போம். அதற்குள் 28 மீட்டர் போய்விட்டது. மீதி இருப்பது 16 மீட்டர். காய்ந்த ரோடு, நல்ல டயர் என்றாலும் 80-இலிருந்து கார் முழுசாக நிற்க இன்னொரு 35 மீட்டராவது வேண்டும். அந்த 16 மீட்டரில் பிரேக்கை முழுக்க மிதித்தாலும் லாரியில் மோதும்போது வேகம் மணிக்கு 60-ஐ ஒட்டி இருக்கும். விதியை ஒரு துளி மீறாமல் ஓட்டியவருக்கு இந்த நிலை. இதே இடத்தில் இடைவெளி மூன்று வினாடி என்றால் 66 மீட்டர். மொத்தம் தேவைப்படுவது 63. லாரிக்கு மூன்று மீட்டர் முன்னால் கார் நின்றுவிடும். நெஞ்சு படபடக்கும், அவ்வளவுதான்.

அதனால் முன்னால் இருப்பதற்கு அப்பால் ரோடு தெரியவில்லை என்றால் மூன்று வினாடிக்குக் குறைந்து போகவே கூடாது என்பது என் கட்சி. பஸ், கன்டெய்னர், வைக்கோல் லோடு எல்லாம் இந்த வகை. "லோடு லாரிதானே, அது நம்மைவிட மெதுவாத்தான் நிற்கும், பின்னால போறதுல பயமில்லை" என்று ஒரு வாதம் உண்டு. லோடு லாரி மெதுவாக நிற்கும் என்பது வாஸ்தவம். ஆனால் அது லோடா, காலியா என்று தார்ப்பாய் போட்ட பிறகு உங்களுக்கு எப்படித் தெரியும்? பின்புறம் சேறு அப்பிய லாரியில் பிரேக் லைட் எரிந்தாலும் தெரியாது. கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லரில் பல சமயம் லைட்டே கிடையாது, அது வேகம் குறைவதை அதன் உருவம் பெரிதாவதை வைத்துத்தான் உணர முடியும், இரவில் அதுவும் சிரமம். பிரேக் லைட்டைப் பார்த்து கால் போகும் என்று போட்ட கணக்கு அங்கே முதல் அடியிலேயே உடைந்துவிடுகிறது.

மழை தனிக் கதை. பிரிட்டனின் ஹைவே கோட், ஈர ரோட்டில் இடைவெளியைக் குறைந்தது இரட்டிப்பாக்கச் சொல்கிறது, பனி உறைந்த ரோட்டில் பத்து மடங்கு வரை. பனி நமக்குத் தேவையில்லை, இரட்டிப்பு தேவை. அதே 80-இல், ஈர ரோட்டில், சுமாரான டயரோடு நிற்க 35 அல்ல, 55 மீட்டர் போல ஆகும். யோசிக்கும் 28-ஐயும் சேர்த்தால் 83 மீட்டர். நான்கு வினாடி என்பது 89 மீட்டர். சரியாகப் பொருந்துகிறது பாருங்கள். ரொம்ப நாள் வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையின் ஆரம்ப நிமிடங்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும், ரோட்டில் படிந்திருந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து வழுக்கும். "ஏபிஎஸ் இருக்கே" என்பவர்களுக்கு: ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்து, ஸ்டியரிங்கை உங்கள் கையில் விட்டுவைக்கும். ஈர ரோட்டுக்குப் பிடிமானத்தை அது கொண்டுவந்து தராது.

டயர் தேய்ந்திருந்தாலும், கல்யாண வீட்டுக்குப் போகும்போது ஏழு பேரும் டிக்கி நிறைய மூட்டையுமாக இருந்தாலும், இரவு இரண்டு மணிக்குக் கண் எரிந்தாலும் ஒரு வினாடி கூட்டிக்கொள்ளுங்கள். முன்னால் பைக் போனாலும் அப்படியே. பைக் எப்போதும் பிரேக் போட்டே நிற்பதில்லை, சில சமயம் விழுந்து நிற்கும்.

இவ்வளவும் சொன்னால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அவ்வளவு இடம் விட்டா எவனாவது உள்ள பூந்துடுவானே?" பூந்துவிடுவான், உண்மை. அதற்காக இடைவெளியை அடைத்துக்கொண்டு போவதுதான் இருப்பதிலேயே பரவலான தவறு. ஒருவர் உள்ளே வந்தால் நீங்கள் செய்ய வேண்டியது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்து, மறுபடி இடைவெளி உருவாகும்வரை பின்தங்குவது. இதில் நீங்கள் இழப்பது ஏறக்குறைய அந்த இடைவெளி அளவு நேரம்தான், மூன்று வினாடி. திண்டிவனத்திலிருந்து திருச்சி போவதற்குள் இருபது பேர் பூந்தாலும் ஒரு நிமிடம். திருச்சிக்குள் முதல் சிக்னலிலேயே அதைவிட அதிகம் நிற்கப் போகிறீர்கள்.

பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு லைட் அடித்தபடி வந்தால் பலர் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள்: வேகத்தைக் கூட்டி முன்வண்டியை நெருங்குவார்கள், அல்லது பயமுறுத்துவதற்காக பிரேக்கைத் தட்டுவார்கள். இரண்டும் தப்பு. அவருக்குத் திடீரென நிற்க இடமில்லை, ஆகவே நீங்களும் திடீரென நிற்கும்படி ஆகக் கூடாது. அதனால் முன்பக்க இடைவெளியை நான்கு வினாடிக்குக் கொண்டுபோங்கள், அப்போது முன்னால் என்ன நடந்தாலும் நீங்கள் மெல்ல பிரேக் போட்டால் போதும், பின்னால் இருப்பவருக்கும் நேரம் கிடைக்கும். வலது லேனில் இருந்தால் இண்டிகேட்டர் போட்டு இடதுக்கு வந்து அவரை அனுப்பிவிடுங்கள். அவர் போனதும் அடுத்த கம்பத்தில் மறுபடி எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் லேன் மாறியதும் உங்கள் முன்னால் இருப்பது வேறு வண்டி.