மழைக்குட்டையில் மூழ்காத காகிதக் கப்பல்: ஆறு வயதுக் குழந்தையோடு செய்ய ஒரு செய்முறை

காகிதக் கப்பல் மடிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. அது தண்ணீரில் விட்ட கொஞ்ச நேரத்தில் ஏன் துவண்டு சாய்கிறது என்று குழந்தை கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. கப்பல் மூழ்குவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள்: தாள் ஊறி நைந்துபோவது ஒன்று, பாரம் கூடிப் பக்கச்சுவர் வழியாகத் தண்ணீர் உள்ளே புகுவது இன்னொன்று. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் விளையாட்டு இது. மழை விட்ட ஒரு மாலை போதும்.

தேவையானவை

ஏ4 தாள் நான்கைந்து. பிரிண்டரில் போடும் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் தாள்தான் என் தேர்வு. செய்தித்தாள் வேண்டாம். எழுதும் தாளிலும் அச்சுத்தாளிலும் மை பரவாமல் இருக்க மாவுப்பசை போன்ற ஒரு பூச்சு சேர்ப்பார்கள். அது தண்ணீரையும் சிறிது நேரம் தடுத்து நிறுத்தும். செய்தித்தாளில் அந்தப் பூச்சு பெயரளவுக்குத்தான், அதனால் தண்ணீர் பட்டதும் உறிஞ்சிவிடும். கெட்டி அட்டையும் வேண்டாம். கடைசி மடிப்பில் அடுக்குகள் தடித்துப்போய், இழுக்கும்போது கிழியும். ஏ4-ஐப் பாதியாக வெட்டினால் கிடைக்கும் சின்னத் தாள் ஆறு வயது விரல்களுக்கு மிகச் சிறியது.

இதோடு ஒரு மெழுகு கிரேயான், பென்சில், ஏறக்குறைய ஒரே அளவிலான சிறு கூழாங்கற்கள் பத்துப் பன்னிரண்டு. பசையோ டேப்போ தேவையில்லை. டேப் ஒட்டினால் அதன் ஓரத்தில் தண்ணீர் ஏறி உள்ளேயே தங்கிக்கொள்ளும்.

மடிப்பது

1. தாளை உயரவாக்கில் வைத்து, மேல் விளிம்பைக் கீழ் விளிம்போடு சேர்த்துப் பாதியாக மடியுங்கள். மடிந்த பக்கம் மேலே இருக்கட்டும்.

2. மடிந்த பக்கத்தின் இரண்டு மூலைகளையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடியுங்கள். வீட்டுக் கூரை போல வரும். கீழே ஒரு பட்டை மிச்சமிருக்கும்.

3. அந்தப் பட்டையில் இரண்டு அடுக்கு இருக்கும். ஒன்றை முன்பக்கம் மேலே மடியுங்கள், மற்றதைப் பின்பக்கம் மேலே மடியுங்கள். தொப்பி தயார்.

4. தொப்பியைச் சதுரமாக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தடுமாறும் இடம் இதுதான். இதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

5. சதுரத்தின் திறந்த முனை கீழே இருக்கும்படி பிடித்து, முன் முனையை மேல் நுனிவரை மடியுங்கள். திருப்பி, பின் முனையையும் அப்படியே மடியுங்கள். சின்ன முக்கோணம் வரும்.

6. அந்த முக்கோணத்தையும் நான்காவது படியைப் போலவே திறந்து சதுரமாக்குங்கள்.

7. மேல் நுனியில் வெளிப்பக்கமாக இருக்கும் இரண்டு காதுகளைப் பிடித்து, மெதுவாக இடமும் வலமும் இழுங்கள். கப்பல் விரியும், நடுவில் பாய் நிமிரும்.

நான்காவது படிக்கு வருவோம். தொப்பியின் அடிப்பக்கத் திறப்புக்குள் இரண்டு கட்டைவிரல்களையும் விடுங்கள். தொப்பியின் முன்சுவரின் நடுவை உங்களை நோக்கியும், பின்சுவரின் நடுவை எதிர்ப்பக்கமும் இழுங்கள். அப்போது இடது கோடியும் வலது கோடியும் தாமாகவே நெருங்கி வந்து ஒன்றையொன்று தொடும். தொட்டதும் தட்டையாக அழுத்தினால் சதுரம். குழந்தைகள் வழக்கமாகச் செய்வது, இடது வலது கோடிகளைப் பிடித்து வெளியே இழுப்பது. அப்படி இழுத்தால் தொப்பி இன்னும் தட்டையாகுமே தவிரச் சதுரம் ஆகாது. “தொப்பியின் வயிற்றைத் திற” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

சதுரமானதும் பட்டையின் ஓரங்கள் கீழ் முனையில் ஒன்றின்மேல் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு பக்கத்து ஓரத்தை மற்றதன் அடியில் செருகிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஐந்தாவது படியில் எல்லாம் அவிழ்ந்து வரும்.

ஏழாவது படியில் காதுகள் பாதிவழியில் நின்றுவிட்டால் பலம் போட்டு இழுக்காதீர்கள். அடிமடிப்பின் நடுவில் கிழியும். கப்பலைக் கவிழ்த்தால் அடியில் ஒரு பிளவு தெரியும். அதன் வழியே ஒரு விரலை விட்டுப் பாயை உள்ளிருந்து மேலே தள்ளிவிட்டு, பிறகு இழுத்தால் இலகுவாக வரும். வந்தபின் அந்தப் பிளவைச் சற்று அகட்டிவிடுங்கள். அடி கத்தி போல ஒடுங்கியிருந்தால் தண்ணீரில் வைத்ததும் கப்பல் ஒருக்களித்துப் படுத்துவிடும்.

மெழுகு எந்தப் பக்கம்?

மடித்து முடித்த கப்பலின் வெளிப்பக்கத்தில் கிரேயானைத் தேய்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அதில் இரண்டு குறை உண்டு. அழுத்தித் தேய்க்கும்போது கப்பல் நசுங்குகிறது. பாய்க்கு அடியில் இருக்கும் குடைவுக்குள் கிரேயான் போகவே போகாது. ஆனால் மிதக்கும்போது அந்தக் குடைவுக்குள்ளும் தண்ணீர் ஏறித்தான் நிற்கும்.

இதற்கு ஒரு நேர்வழி இருக்கிறது. தொப்பியின் உள்பக்கம்தான் கடைசியில் கப்பலின் வெளிப்பக்கமாக மாறுகிறது, அடியிலுள்ள குடைவும் அதுவே. அதாவது முதல் மடிப்பில் எந்த முகம் உள்ளே போகிறதோ அந்த முகம்தான் தண்ணீரைத் தொடும். நம்பிக்கை வராவிட்டால், மடித்த கப்பலின் வெளிச்சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு முழுவதும் பிரித்துப் பாருங்கள்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். ஒருமுறை முழுக் கப்பலையும் மடித்து, மடிப்புகளை நகத்தால் நன்றாக நீவிவிடுங்கள். பிறகு தாளைப் பிரித்து, அந்த முகம் மேலே இருக்கும்படி தட்டையாக விரித்து, குழந்தையிடம் கிரேயானைக் கொடுங்கள். தாள் முழுவதும் தேய்க்கட்டும். மடிப்புக் கோடுகளின்மேல் மட்டும் இரண்டு மூன்று தடவை அழுத்தமாகப் போகட்டும். அதன்பின் பழைய மடிப்புகளின் வழியே மறுபடி மடியுங்கள். முன்பே மடிப்பு விழுந்திருப்பதால் இரண்டாவது தடவை குழந்தையே பாதிக்குமேல் செய்துவிடும். முதலில் மெழுகு தேய்த்துவிட்டுப் பிறகு மடித்தால், மடியும் இடத்தில் மெழுகு விரிசல் விடும், மடிப்பும் வழுக்கும்.

மெழுகுவத்தியும் இதே வேலையைச் செய்யும். ஆனால் வெள்ளைத் தாளில் எங்கே தேய்த்தோம், எங்கே விட்டோம் என்று தெரியாது. நீலமோ சிவப்போ கிரேயான் என்றால் விடுபட்ட இடம் பளிச்சென்று தெரியும். ஸ்கெட்ச் பேனா கூடாது, அதில் மெழுகு இல்லை. நிறம் கரைந்து தண்ணீரில் ஓடும்.

முதல் சோதனை: ஊறுவது

முதலில் குட்டையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு குச்சியை நட்டு ஆழம் பாருங்கள். இரண்டு மூன்று விரற்கடையாவது இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் கப்பல் தரையில் உட்கார்ந்திருக்கும், மிதக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். மழை முழுவதும் நின்ற பிறகு விடுங்கள். தூறலில் விட்டால் மேலிருந்து விழும் துளிகள் கப்பலை நிரப்பிவிடும், எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. காற்று முதுகில் படும் கரையில் நின்று விட்டால் கப்பல் நடுக்குட்டைக்குப் போகும். எதிர்க்கரையில் விட்டால் கால்மாட்டிலேயே ஒதுங்கும்.

மெழுகு பூசிய கப்பல் ஒன்று, பூசாதது ஒன்று, இரண்டையும் ஒரே நேரத்தில் விடுங்கள். தாள், அளவு, மடிப்பு எல்லாம் ஒன்றாக இருக்கட்டும், மெழுகு மட்டும் வேறுபடட்டும். விடுவதற்கு முன் எது முதலில் நனையும், எந்த இடத்திலிருந்து நனையும் என்று குழந்தையைச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

பூசாத கப்பலை அருகில் குனிந்து பாருங்கள். அடிமடிப்பின் நெடுகிலும் ஒரு கருத்த கோடு தோன்றும். பிறகு அந்த ஈரம் சுவரில் மேலே ஊர்ந்து ஏறும், தண்ணீர் மட்டத்தையும் தாண்டி ஏறும். மடித்த இடத்தில் தாளின் நார்கள் உடைந்து, மேற்பூச்சும் விரிந்திருப்பதால் தண்ணீர் அங்கேதான் முதலில் நுழைகிறது. நார்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய சந்துகள் அதை மேலே இழுக்கின்றன. நனைந்த சுவர் விறைப்பை இழந்து வெளிப்பக்கம் சரியும், பாய் ஒருபக்கம் தலைசாயும். பூசிய கப்பலில் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டு நிற்கும். அதிலும் எங்காவது கருப்புத் திட்டு வந்தால் அது கிரேயான் விடுபட்ட இடம். குழந்தையே கண்டுபிடித்துக் காட்டட்டும்.

இரண்டாவது சோதனை: பாரம்

இதற்கு மெழுகுக் கப்பல் மட்டும். குட்டை கலங்கலாக இருந்தால் அகலமான டப்பில் செய்யுங்கள், நீர்மட்டம் தெளிவாகத் தெரியும்.

80 ஜிஎஸ்எம் ஏ4 தாளின் எடை சுமார் 5 கிராம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரைத்தான் ஒதுக்கும். ஆக வெறும் கப்பல் ஒதுக்குவது 5 மில்லி, ஒரு டீஸ்பூன் அளவு. மேலே தேய்த்த மெழுகின் எடை கணக்கில் சேர்க்கும் அளவுக்கு இல்லை. 5 கிராம் கல் ஒன்றை வைத்தால் இன்னொரு டீஸ்பூன். ஆறு வயதுக்கு எடைக்கணக்கு வேண்டாம், டீஸ்பூன் கணக்கு போதும். ஒரு கல்லைத் தனியாகத் தண்ணீரில் போட்டு அது மூழ்குவதைக் காட்டுங்கள். அதே கல்லைக் கப்பலில் வையுங்கள்.

கற்களைப் பாய்க்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒவ்வொரு ஜோடிக்கும் பிறகு நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் மெல்லக் குறியுங்கள். மெழுகின்மேல் பென்சில் பிடிக்காவிட்டால் நகத்தால் கீறினாலே போதும். கோடுகள் படிப்படியாக மேலே ஏறுவதைப் பார்த்து, இன்னும் எத்தனை கல் தாங்கும் என்று குழந்தை முன்கூட்டியே சொல்லத் தொடங்கும். கற்கள் ஒரே பக்கம் சேர்ந்தால் பாதிப் பாரத்திலேயே கப்பல் சாய்ந்து தண்ணீர் குடிக்கும். அதையும் ஒருமுறை வேண்டுமென்றே செய்து பாருங்கள். இங்கே சுவர் நனையாமலே கப்பல் மூழ்குகிறது என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

சேர்க்கை: செய்து பார்த்தவர்கள் கேட்டவை

“பின்பக்கத்தில் சோப்புத் துளி விட்டால் கப்பல் ஓடும் என்கிறார்களே, ஓடவில்லை.” குட்டையில் ஓடாது. தண்ணீரின் மேற்பரப்பில் ஏற்கெனவே எண்ணெய்ப் படலமும் அழுக்கும் இருக்கும். சுத்தமான தண்ணீர் நிரப்பிய தட்டில், தாளில் வெட்டிய சிறு தட்டைப் படகை வைத்துச் செய்யுங்கள். ஒருமுறை ஓடியதும் சோப்பு எங்கும் பரவிவிடும். அடுத்த முறைக்குத் தண்ணீரை மாற்றித் தட்டைக் கழுவ வேண்டும்.

“எந்தக் குட்டையில் விடலாம்?” ஓடும் வாய்க்கால், மூடியில்லாத சாக்கடை, மின்கம்பத்தை ஒட்டித் தேங்கிய நீர் மூன்றும் கூடவே கூடாது. எலிச் சிறுநீர் கலந்த தேங்குநீர் காயத்தின் வழியே எலிக்காய்ச்சலைப் பரப்பும் என்பதால், காலில் புண் இருக்கும் நாளில் டப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் விளையாடி முடித்ததும் கைகால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இடி கேட்டால் உள்ளே வந்துவிடுங்கள், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே போகலாம். சில அங்குலத் தண்ணீரும் சிறு குழந்தைக்கு ஆபத்துதான், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.

“மிதந்த கப்பல்களை என்ன செய்வது?” குட்டையில் விட்டுவிட்டு வராதீர்கள், நைந்த தாள் வடிகாலை அடைக்கும். மெழுகுக் கப்பலைத் துணியால் ஒற்றி, பிரிக்காமல் நிழலில் கவிழ்த்து வைத்தால் இன்னொரு மழைக்கும் வரும். மடிப்புகளில் மட்டும் கிரேயானை மறுபடி ஓட்டுங்கள். டப்புத் தண்ணீரை அன்றே கொட்டிவிடுங்கள், நாட்கணக்கில் நின்றால் கொசு முட்டையிடும்.