வலிப்பு வந்தால் முதலில் மணி பாருங்கள்

குழந்தைக்கு வலிப்பு தொடங்கியதும் கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் ஒரு நிமிடம்கூடப் பத்து நிமிடமாகத் தெரியும். 5 நிமிடம் தாண்டினால் தானாக நிற்கும் வாய்ப்பு குறைவு, உடனே 108. அதுவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வடியும். கையில் சாவி, வாயில் கரண்டி, தண்ணீர் எதுவும் வேண்டாம். கைகாலை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம்.

அப்புறம் டைரியில் எழுதுங்கள்: “காலை 6.10, தூக்கத்தில், வலது கை முதலில் வெட்டியது, 2 நிமிடம், நேற்று இரவு மாத்திரை விட்டுப்போச்சு.” எந்தப் பக்கம் தொடங்கியது என்பது டாக்டருக்கு முக்கியத் தடயம்.

சில நொடி வெறித்துப் பார்க்கும் வகைக்கு நேரக் கணக்கு உதவாது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எண்ணுங்கள். முதல் வலிப்பு, நினைவு திரும்பாமல் அடுத்தது, மூச்சுத்திணறல் என்றால் 5 நிமிடம் காத்திருக்கக் கூடாது.