ஷாக்கில் வந்த குழந்தைக்கு போலஸ்: முதலில் வயிற்றில் ஒரு பேனாக் கோடு

புதிதாகப் பணியில் சேர்ந்த ஹவுஸ் சர்ஜன்களுக்கும் சிஸ்டர்களுக்கும் எழுதுகிறேன். கேனுலா போடுவது, ஆக்சிஜன் வைப்பது, சர்க்கரை பார்ப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் தடுக்கி விழுந்த இடம் வேறு.

அப்போது நான் இருந்தது மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. வென்டிலேட்டர் கிடையாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஒரு மணி நேரம். ஷாக்கில் வந்த ஒரு பையனுக்கு 500 மி.லி. சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு, வேகமாகத் திறந்துவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் பாதிக்கு மேல் காலி, பையன் முனகி முனகி மூச்சு விடுகிறான். வயிற்றைத் தொட்டால் கல்லீரல் மூன்று விரல் தட்டுப்படுகிறது. அது முன்பே அப்படி இருந்ததா, என் சலைனால் இறங்கியதா? முதலில் தொட்டுப் பார்க்காததால் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பின் போலஸ் என்றால் எனக்கு முதல் வேலை பேனாதான். வலது விலா எலும்புக்குக் கீழே கல்லீரல் விளிம்பைத் தடவிப் பார்த்து, அந்த இடத்தில் ஒரு கோடு. நெஞ்சின் அடிப்பாகத்தில் ஸ்டெத் வைத்து, மூச்சு எண்ணிக்கையையும் எழுதிவிடுவேன். அதன்பிறகுதான் சலைன்.

ஒரு குழந்தையை வைத்தே சொல்கிறேன். மூன்று வயதுப் பெண், காய்ச்சலோடு இரண்டு நாள். "பிள்ளை கண்ணு முழிக்கவே மாட்டேங்கு சார்" என்றார் அம்மா. எடை 12 கிலோ. நாடி 172, மூச்சு 38. கை கால் சில்லென்று இருந்தது. மார்பெலும்பில் ஐந்து நொடி அழுத்தி விட்டால் நிறம் திரும்ப ஐந்து நொடி ஆனது. மேல் அழுத்தம் 70. ஒரு வயதுக்கு மேல் பத்து வயது வரை, வயதை இரண்டால் பெருக்கி 70-ஐக் கூட்டினால் வருவது கீழ் எல்லை, இவளுக்கு 76. ஆக, அழுத்தமும் இறங்கிவிட்டது. கல்லீரல் 1 செ.மீ. கோடு போட்டாயிற்று.

கிலோவுக்கு 10 மி.லி. என்றால் 12 × 10 = 120 மி.லி. ரிங்கர் லாக்டேட் அல்லது நார்மல் சலைன். டெக்ஸ்ட்ரோஸ் கலந்தது போலஸுக்கு ஆகாது. 10 முதல் 20 வரை கொடுக்கலாம் என்பார்கள். வென்டிலேட்டர் இல்லாத இடத்தில் நான் 10-இல்தான் தொடங்குவேன். தொங்கும் பாட்டிலை நம்புவதில்லை. த்ரீ-வே மாட்டி, 20 மி.லி. சிரிஞ்சில் இழுத்து இழுத்துத் தள்ளுவேன். ஆறு சிரிஞ்சு, ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம், மொத்தம் கால் மணி நேரம். சிஸ்டர் ஒவ்வொரு சிரிஞ்சுக்கும் சார்ட்டில் ஒரு கோடு கிழிப்பார். 50 மி.லி. சிரிஞ்சு சிலருக்குப் பிடிக்கும். மெல்லிய கேனுலா வழியாக அதைத் தள்ளினால் கை கடுக்கும், எனக்கு வேண்டாம்.

முதல் 120 முடிந்ததும் கையை நிறுத்தி, முழுவதையும் திரும்பப் பார்த்தோம். நாடி 160, நிறம் திரும்ப நான்கு நொடி, அழுத்தம் 76. கல்லீரல் கோட்டிலேயே இருந்தது, நெஞ்சும் சுத்தம். அம்மா, "தண்ணி கேக்கா சார்" என்றார். மானிட்டரில் எந்த எண்ணையும்விட எனக்கு அது பெரிய செய்தி. (நாடியை மட்டும் நம்பாதீர்கள். காய்ச்சல் தணிந்தாலும் அது இறங்கும்.) ஷாக் இன்னும் இருக்கிறது, நீர் மிகவில்லை. சரி, இன்னொரு 120. அதற்குள் சிஸ்டர் ஆன்டிபயாட்டிக்கையும் போட்டுவிட்டார்.

இரண்டாவதுக்குப் பின் நாடி 150, நிறம் திரும்ப மூன்றரை நொடி. கல்லீரல் கோட்டைத் தாண்டவில்லை. மூன்றாவதைத் தொடங்கினோம். மூன்று சிரிஞ்சு போனதும் மூச்சு 52 ஆனது. பேனாக் கோட்டுக்குக் கீழே 2 செ.மீ.-இல் கல்லீரல். முதுகில் ஸ்டெத் வைத்தால், தலைமுடியைக் காதோரம் விரலால் உருட்டினாற்போல நெறுநெறு சத்தம். அங்கேயே நிறுத்தினோம். மொத்தம் 300 மி.லி., அதாவது கிலோவுக்கு 25.

கை கால் இன்னும் சில்லென்றிருக்கிறதே, இன்னும் கொஞ்சம் விட்டால் என்ன என்று தோன்றும். அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குத்தான் போகும். இதயத்துக்கு இப்போது மருந்துதான் தேவை. சாதாரண கேனுலா வழியாகவே அட்ரினலின் இன்ஃபியூஷனை கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராமில் தொடங்கி, ஹைகிரவுண்டுக்கு அனுப்பினோம். கடிதத்தில் ஒவ்வொரு போலஸின் நேரம், அளவு, முன்னும் பின்னும் கல்லீரல் எங்கே என்பதையும் எழுதினோம்.

பின்சேர்க்கை: அழுத்தம் இறங்கவில்லை என்றாலும் இதையே செய்யலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். 2011-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த ஃபீஸ்ட் ஆய்வில், காய்ச்சலும் ரத்த ஓட்டக் குறைவுமாக வந்த குழந்தைகளில் போலஸ் பெற்றவர்களே அதிகம் இறந்தார்கள். அதனால் தீவிர சிகிச்சை வசதி இல்லாத இடத்தில், கிருமித்தொற்று ஷாக்கில் அழுத்தம் சரியாக இருந்தால் போலஸ் வேண்டாம் என்கிறது 2020-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். அழுத்தம் இறங்கியிருந்தால் முதல் மணி நேரத்தில் கிலோவுக்கு 40 மி.லி. வரை, அதுவும் நீர் மிகும் அறிகுறி தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். வயிற்றுப்போக்கில் வற்றிப்போன குழந்தைக்கும் டெங்குவுக்கும் கணக்கு வேறு. அழுத்தம் இறங்காத டெங்கு ஷாக்கில் கிலோவுக்கு 10 மி.லி.-யை ஒரு மணி நேரமாக விட்டு, ஹீமட்டோக்ரிட் பார்த்துக் கூட்டுவதோ குறைப்பதோ செய்வோம். பேனாக் கோடு அங்கேயும் உண்டு.