பாதி வழியில் பிரியும் ரயில்: பெட்டி எண்ணைப் பார்க்காமல் ஏறாதீர்கள்

தோக்கியோவிலிருந்து வடக்கே போகும் ஹயபுசா, கொமாச்சி புல்லட் ரயில்கள் பலவும் மொரியோகா வரை ஒன்றாக இணைந்தே ஓடுகின்றன. மொத்தம் 17 பெட்டிகள். 1 முதல் 10 வரை ஹயபுசா. அது அஓமோரி பக்கம் போகும். 11 முதல் 17 வரை கொமாச்சி. அது மொரியோகாவில் கழன்று அகிதாவுக்குத் திரும்பிவிடும்.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, ரயில் எண்ணை மட்டும் பார்ப்பது. சேர்ந்து ஓடும் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே எண்தான் இருக்கும். நேரமும் நடைமேடையும்கூட ஒன்றே. ஆகவே டிக்கெட்டில் முதலில் பெயரையும், அடுத்து பெட்டி எண்ணையும் பாருங்கள். நடைமேடைத் தரையில் குறித்திருக்கும் பெட்டி எண்ணுக்கு நேராகப் போய் நில்லுங்கள். நிறமும் உதவும்: ஹயபுசா பச்சை, கொமாச்சி சிவப்பு.

'கிடைத்த கதவில் ஏறிவிடலாம், உள்ளேயே நடந்து போய்க்கொள்ளலாம்' என்ற நினைப்புதான் இதைவிட ஆபத்து. 10ஆம் பெட்டியும் 11ஆம் பெட்டியும் சந்திக்கும் இடத்தில் இரண்டு ரயில்களின் கூர்மூக்குகள்தான் ஒன்றோடொன்று கோத்திருக்கும். நடுவே வழி கிடையாது. அகிதா டிக்கெட்டோடு 9ஆம் பெட்டியில் ஏறியவர் எவ்வளவு நடந்தாலும் 10ஆம் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான். வழியில் செந்தாய் போன்ற நிலையத்தில் இறங்கி, நடைமேடை வழியாக 11ஆம் பெட்டிக்குப் போகலாம். அங்கே நிற்பது கொஞ்ச நேரமே என்பதால், வண்டி நிற்கும் முன்பே மூட்டையோடு 10ஆம் பெட்டிக் கதவருகே வந்துவிட வேண்டும். மொரியோகாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். முன்னால் இருக்கும் கொமாச்சிதான் அங்கே முதலில் கிளம்பும். அதையும் விட்டுவிட்டால் அங்கேயே இறங்கி, ஊழியரிடம் டிக்கெட்டைக் காட்டி அடுத்த கொமாச்சிக்குக் கேளுங்கள். (சரியாக ஏறியவர்கள் ஓமகாரியில் ரயில் பின்னோக்கி ஓடத் தொடங்கினால் பதற வேண்டாம். அங்கே திசை மாறுவது வழக்கம்தான்.)

உள்ளே வழி இருந்தாலும் வேறு விதமாக மாட்டிக்கொள்ளலாம். தோக்கியோவிலிருந்து இரவில் கிளம்பும் சன்ரைஸ் எக்ஸ்பிரஸில் 14 பெட்டிகள். அதிகாலை ஒகாயாமாவில் 1 முதல் 7 வரை தகமட்சுவுக்கும், 8 முதல் 14 வரை இசுமோவுக்கும் பிரிகின்றன. அதுவரை 7ஆம் பெட்டியிலிருந்து 8ஆம் பெட்டிக்குத் தாராளமாக நடக்கலாம். அடுத்த பகுதியில் இருக்கும் நண்பரைப் பார்க்கப் போய் அங்கேயே கண்ணயர்ந்தால், பையும் செருப்பும் தகமட்சுவுக்கு, ஆள் இசுமோவுக்கு. ஒகாயாமா வருவதற்கு அரை மணி நேரம் முன்பே அவரவர் பகுதிக்குத் திரும்பிவிடுங்கள்.

ஊர் பெயரைக் கேட்டு ஏறுவதும் நம்பத்தக்கதல்ல. பிரியும் ரயிலில் அறிவிப்பு இரண்டு ஊர்களையும் சொல்லும். உங்கள் ஊர் காதில் விழுந்ததும் நிம்மதியாகிவிடுவோம். அதோடு சொல்லப்படும் பெட்டி எண்களையும் கேளுங்கள். ஏறிய பிறகு கதவுக்கு மேலுள்ள திரையில் உங்கள் ஊர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால், ரயில் பிரியும் நிலையத்துக்கு முன்பே இறங்கி மாறிக்கொள்ளுங்கள்.